லேபிள் சாம்பிளாகிப் போன குடும்பம்

என் அண்ணன் ஆண்டிச்சாமிக்கு ஞாபகம் தப்பியதில் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் எங்களை மறந்துவிட்டாரே என்ற வருத்தம்தான் எங்களுக்குப் பெரிதாக இருந்தது. வாரம் ஒருவராக அவர் ஊரான அச்சங்குளத்துக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து, "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைத்தோம். அவர் திருதிருவென்று விழிப்பார். நாங்கள் காப்பி குடித்துவிட்டு, உச்சுக்கொட்டிவிட்டு, பஸ் ஏறிவிடுவோம். நான் சங்கிலிமுத்து, அவருக்கு நேர் இளையவன். அதிகமாகப் பரீட்சை வைத்தவன் நான்தான்.

உண்மையில் பாடுபட்டது என் மதினி சோலையம்மாள். பன்னிரண்டு வயதில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனவள். டப்பியில் லேபிள் ஒட்டுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. பதினெட்டு வயதில் குச்சிக் கட்டு பற்றிக்கொண்டு இடது கன்னம் வெந்துபோனது. ஈரச் சாக்கைத் தூக்கி அவள் மேல் எறிந்தது, அப்போது அங்கே வேலை பார்த்த என் அண்ணன். மறு வருடம் அவளையே கட்டிக்கொண்டார். சாத்தூர் ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுக்கும்போது படக்காரர், "பொண்ணு கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பும்மா, தழும்பு தெரியாது" என்றாராம். "அவ நேராத்தான் நிப்பா. நீ எடு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் ஒரு ஆண்பிள்ளை பேசிய உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் இரண்டாயிரத்து ஏழாம் வருடம் அவளையே பார்த்து, "யாரு நீ? சோத்துல என்னத்தக் கலந்திருக்க?" என்று தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தார். அவள் கையால் பச்சைத் தண்ணீர் வாங்க மாட்டார். இரண்டு மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அவர் மருந்து எழுதிவிட்டுச் சொன்னார்: "இப்படியே சாப்பிடாம இருந்தா மூக்குல குழாய் போட வேண்டிவரும். அதுக்கு முன்னால ஒண்ணு செஞ்சு பாருங்க. அவருக்குப் பழக்கமான முகம், பழக்கமான இடம், இதுகளை வச்சு ஒரு ஆல்பம். பழைய படமா இருக்கட்டும், அவருக்குப் பழசுதான் நிக்கிது. பக்கத்துக்கு ஒரு படம் போதும், பத்துப் பன்னெண்டுக்கு மேல வேண்டாம். கீழே பேரும் உறவும் பெரிய எழுத்துல எழுதுங்க. கண்ணு கூசுற மாதிரிப் பளபளப்பு வேண்டாம். பக்கத்துல உக்காந்து நீங்களே சொல்லுங்க, இது யாருன்னு கேக்காதீங்க. நோய் தீராது. பயம் குறையும்."

எல்லாவற்றுக்கும் நன்றாகத் தலையாட்டினோம். பிறகு அதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

அண்ணன் மகன் செல்லப்பாண்டி சிவகாசியில் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். "எங்கிட்ட விடுங்க சித்தப்பா, அசத்திப்புடுதேன்" என்றான். அவன் அப்படிச் சொன்னதும் சொந்தபந்தம் அத்தனைக்கும் காது முளைத்தது. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று முறைத்துக்கொள்வோமே, அதே சண்டை. தாய்மாமன் வகைக்கு நாலு பக்கமாவது வேண்டும் என்று மதினியின் தம்பி ஊர்க்காவலன் வந்து நின்றார். அண்ணன் பார்த்தே இராத மருமகள்களெல்லாம் பட்டுச் சேலையோடு படம் அனுப்பினார்கள். நான் மட்டும் யோக்கியமா? கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் புதிதாகப் படம் எடுத்து, "ரெண்டாம் பக்கத்துல போடுலே" என்று கொடுத்தேன்.

பத்துப் பக்கம் அறுபதாக வளர்ந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார். ஒவ்வொரு முகத்துக்கும் ரோஸ் கலர் பூசியிருந்தான். அண்ணன் வேலை பார்த்த கம்பெனி வாசல் அழுக்காக இருக்கிறது என்று அதற்குப் பின்னால் ஒரு பனிமலையை வைத்துவிட்டான். அச்சங்குளத்தில் பனிமலை! கரும்பாறையே வெயிலில் வெடிக்கிற ஊர். கல்யாணப் படத்தில் தன் அம்மா கன்னத்துத் தழும்பை அழகாகத் துடைத்தெடுத்திருந்தான். எல்லாவற்றுக்கும் மேல் பளபளவென்று லேமினேஷன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடியது. அண்ணன் மடியில் ஆல்பத்தை வைத்தோம். அவர் முகத்தில் சட்டென்று ஒரு களை வந்தது. ஆகா, ஞாபகம் வந்துவிட்டது என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். சீசனுக்கு முன்னால் பிரஸ்காரர்கள் லேபிள் சாம்பிள் ஆல்பத்தோடு வருவார்கள். முதலாளி அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தேர்ந்தெடுப்பார். அந்த ஞாபகம்தான் வந்திருந்தது.

"இந்தப் பிள்ள படம் கம்பி மத்தாப்புக்கு ஆகும்" என்று பேத்தி படத்தைத் தேர்ந்தெடுத்தார். ஊர்க்காவலன் மீசையைப் பார்த்து, "இது அணுகுண்டுக்கு" என்றார். கோட்டுப் போட்ட என்னிடம் வந்ததும் முகத்தைச் சுளித்தார். "இது வேண்டாம்யா. டப்பா விக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பிறகு கல்யாணப் படம் வந்தது. தழும்பில்லாத அந்த ரோஸ் முகத்தை உற்றுப் பார்த்து, "இது எந்த நடிகை? சாட்டைப் பாக்கெட்டுக்குப் போடலாம்" என்றார். பின்னால் நின்ற மதினியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அன்று இரவும் அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் மதினி மகனைக் கூப்பிட்டாள். "ஒரிசினல் படமெல்லாம் எங்கலே?"

"அதெல்லாம் மங்கிப்போயிருக்கும்மா. என்னத்துக்கு?"

"மங்குனதத் தாலே. உங்கப்பனுக்கு நானும் மங்கிட்டேன், என்னையும் தூக்கிப் போட்டுருவியா?"

மைதா மாவில் பசை காய்ச்சினாள். கொஞ்சம் மயில்துத்தம் போட்டாள், பூச்சி அரிக்காதாம். பழைய நோட்டு ஒன்றில் பக்கத்துக்கு ஒரு படமாக ஒட்டினாள். ஒன்றுகூடக் கோணவில்லை. எங்கள் அம்மா, ஆயுத பூஜையன்று கம்பெனி வாசலில் எல்லோரும் நிற்கிற படம், மாரியம்மன் கோவில், டீக்கடை, வாடகைச் சைக்கிளோடு எலும்பும் தோலுமாக நான். பதினோரு படம். கடைசியில் கல்யாணப் படம், தழும்போடு. அவளுக்கு எழுத வராது, எழுதியது நான்.

"எம் படத்துக்குக் கீழ சோலைன்னு மட்டும் எழுதுங்க கொழுந்தரே. அவுக அப்படித்தான் கூப்புடுவாக."

நோட்டை அண்ணன் மடியில் வைத்தாள், கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர் மிரளாதபடி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, "இது உங்க ஆத்தா. இது கம்பெனி வாசல், தீப்பெட்டி இருக்கான்னு மடியத் தடவிப் பாத்துத்தான் உள்ள விடுவாக" என்று தானே சொல்லிக்கொண்டு போனாள். அண்ணன் அந்தப் படத்தில் நின்றவர்களில் இரண்டு பேரைப் பெயர் சொன்னார். என் படத்தில், "சங்கிலி. சைக்கிள ஒடைச்சுட்டு வந்து நிக்கான் பாரு" என்றார். பரீட்சையே இல்லாமல் பாஸாகிவிட்டேன்.

கல்யாணப் படத்தில் நிறுத்திக்கொண்டார். தழும்பின் மேல் விரலை வைத்தார். பிறகு நிமிர்ந்து மதினியின் கன்னத்தைப் பார்த்தார். மறுபடி படத்தை. மறுபடி கன்னத்தை.

"மதினி, நீங்க சோலைக்கு மூத்தவுகளா?" என்றார். "சாடை அப்படியே இருக்கு."

பெண்டாட்டியின் அக்காளையும் நாங்கள் மதினி என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் அவளுக்கு அக்காளே கிடையாது. நான் வாயைத் திறந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

"ஆமா" என்றாள். "சோலைக்கு வேல இருக்கு. உங்களுக்குச் சோறு போடச் சொல்லி என்னைய அனுப்புனா."

"அப்பச் சரி" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுண்டவத்தல் குழம்பு. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவ எழுந்தவர் அவள் பக்கம் குனிந்து, "சோலைகிட்டச் சொல்லிராதீக. அவ வைக்கிறதவிட உங்க கைக்கொழம்பு நல்லாருக்கு" என்றார்.

மதினி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொரிந்து தள்ளினாள்.

"முப்பத்தெட்டு வருசம் ஆக்கிப் போட்டேன் கொழுந்தரே. ஒரு நா, ஒரே ஒரு நா, நல்லாருக்குன்னு இந்த வாயில வந்திருக்குமா? இன்னைக்கு எங்கக்காளுக்குச் சொல்லுதாக பாருங்க!"