மோதல் என்று போட்ட செய்தி

அவர் ஒரு மருந்துக்கடைக்காரரின் இரண்டாவது மகள். கல்லூரியில் வரலாறு படித்தார். இருபத்து மூன்றாம் வயதில் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்து, முப்பத்தொன்றில் செய்தி மேசைக்கு மாறினார். கணவர் தபால் நிலையத்தில் எழுத்தர். கணவரின் தம்பி கண்ணாடிப் புட்டி செய்யும் ஆலையில் உலைப் பிரிவுத் தொழிலாளி, மணமாகாதவர், அண்ணன் வீட்டின் பின்னறையில் இருந்தார். மேற்சொன்னவற்றில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இனி வருவதில் உண்டு.

அலுவலகத்தில் அவருக்கு 'வடிகட்டி' என்று பெயர். நிருபர்கள் கொண்டுவரும் செய்தியிலிருந்து சாயம் பூசிய சொற்களை எடுத்துவிட்டு நடந்ததை மட்டும் விட்டுவைப்பது அவர் வேலை. 'மழுப்பினார்' என்று வந்தால் 'பதில் அளிக்கவில்லை' என்று மாற்றுவார். 'பெருங்கூட்டம்' என்று வந்தால் எத்தனை பேர் என்று கேட்பார். 'அதிர்ச்சித் தகவல்' என்றால் அதிர்ச்சியை அடித்துவிட்டுத் தகவலை வைத்துக்கொள்வார். யாருக்கும் பிடிக்காத வேலை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு ஆலை நிருபர் தட்டச்சு செய்து நீட்டிய வாக்கியம் இது: "கூலி உயர்வு என்ற சாக்கில் நேற்று ஆலை வாயிலில் திரண்ட கும்பல் வெறித்தனமாக அத்துமீறியதால், பொறுமை இழந்த காவலாளிகள் தாக்கியதில் மூன்று பேர் காயமடைந்தனர்."

"சாக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

"மேனேஜர்தான் அக்கா."

"அப்போ அது மேனேஜர் வாயில இருக்கட்டும், நம்ம வாயில வேண்டாம். கும்பல்னா எத்தனை பேர்?"

"எண்பது இருக்கும்."

"வெறித்தனம்னா என்ன பார்த்தே?"

"கத்தினாங்க."

"கத்தினதுக்கு வெறின்னா, எங்க வீட்டுக் குக்கருக்கும் வெறிதான். காவலாளிக்குப் பொறுமை போனதை எந்தக் கருவியில அளந்தே?"

நிருபர் தலையைச் சொறிந்தார். பக்கத்து மேசையில் சிரிப்பு எழுந்தது. அவர் பேனாவை ஓட்டினார். சாக்கு போயிற்று, கும்பல் போயிற்று, வெறியும் அத்துமீறலும் பொறுமையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மறுநாள் வரும் தாளுக்காக 'நேற்று' 'நேற்று முன்தினம்' ஆயிற்று. எஞ்சியிருந்தது 'தாக்கியதில்'. அதுவும் காரமாகப் பட்டது. மணி ஆறாகப் போகிறது, பக்கம் கட்டுபவர் வாசலில் நின்று இருமுகிறார். அந்தச் சொல்லையும் அடித்துவிட்டு இப்படி முடித்தார்: "கூலி உயர்வு கேட்டு நேற்று முன்தினம் காலை ஆலை வாயிலில் சுமார் எண்பது தொழிலாளர்கள் கூடினர். அங்கு நடந்த மோதலில் மூன்று பேர் காயமடைந்தனர்."

படித்துப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் போல இருந்தது. திருப்தியோடு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் தலையில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் காலை ஆலைக்குப் போனவர் இரவு மருத்துவமனையில் தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். நண்பன் வீட்டில் தங்குவதாக அண்ணனுக்குப் பொய்த் தகவல் அனுப்பியிருந்ததால் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. ஆறு தையல்.

மறுநாள் காலை கொழுந்தன் செய்தித்தாளை மடித்து அண்ணி முன்னால் வைத்தார்.

"மோதல்னா ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்? நான் யாரை அடிச்சேன் அண்ணி? என் கையில டிபன் பாக்ஸ் இருந்துச்சு."

"நான் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா இருக்கட்டும்னு..."

"அவன் கையில தடி, என் தலையில தையல். இதுல பொதுவா என்ன இருக்கு?"

"சரி, எப்படி எழுதணும்கிற?"

"காட்டுமிராண்டிக் காவலாளிகள் கொலைவெறித் தாக்குதல்னு எழுதுங்க."

"அது முடியாது."

"தெரியும். தடின்னாவது போடலாமா, இல்லை அதுக்கும் காரம் ஜாஸ்தியா?"

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அலுவலகத்துக்குப் போனதும் நிருபரின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். நிருபர் கண்ணால் கண்டு எழுதியிருந்தார்: காவலாளிகள் நால்வர் தடியால் அடித்தனர், காயமடைந்த மூவரும் தொழிலாளர்கள், காவலாளிகளில் ஒருவருக்கும் காயமில்லை, வாயிற்கதவைத் தள்ளினார்கள் என்பது மேலாளர் கூற்று. நிருபரின் வாக்கியத்தில் அத்தனை அழுக்குக்கு நடுவே யார் அடித்தார் என்ற ஓர் உண்மை இருந்தது. அழுக்கோடு சேர்த்து அதையும் அவர் வழித்து எறிந்திருந்தார். காரமான சொல் எல்லாம் சாய்ந்த சொல் அல்ல, சாதுவான சொல் எல்லாம் நேரான சொல்லும் அல்ல என்பதைப் பிறருக்கு எத்தனையோ முறை சொன்னவர் அவரே.

திருத்தம் போடச் சொல்லிச் செய்தி ஆசிரியரிடம் போனார். அடிபட்டவர்களில் ஒருவர் தன் கொழுந்தன் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொன்னார்.

"நல்லா இருக்கேம்மா. இத்தனை வருஷமா எல்லாருக்கும் வடிகட்டி, சொந்தக்காரன்னா ஓட்டையா?"

"சார், நான் சேர்க்கச் சொல்லலை. எடுத்ததைத் திருப்பி வைக்கச் சொல்றேன். அவர் யாரா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."

"இருந்தாலும்னு நீ சொல்லுவே. ஊர் நம்பணுமே?"

அதற்குள் ஆலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'நடுநிலையான செய்திக்கு நன்றி' என்றது அது. செய்தி ஆசிரியர் அதை அறிவிப்புப் பலகையில் ஊசி குத்தி வைத்தார். தேநீர் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அவர் அதைக் கடந்தே போகவேண்டியிருந்தது.

ஆலையிலிருந்து இன்னொரு கடிதம் கொழுந்தனுக்கு வந்தது. காவலாளிகளுடன் மோதலில் ஈடுபட்டதாக உள்விசாரணை. சான்றாகச் செய்தித்தாள் நறுக்கு ஒன்று இணைப்பு. எந்தப் பக்கமும் சாராத சாட்சி என்று அதை விசாரணை அதிகாரி குறித்திருந்தார். விசாரணை முடிவு அடுத்த மாதம் நான்காம் தேதி புதன்கிழமை.

அண்ணி அந்தக் கடிதத்தோடு மறுபடியும் போனார். மேலிடத்தைக் கேட்கவேண்டும் என்றார் செய்தி ஆசிரியர். மேலிடம் வெளியூர் போயிருந்தது. வந்ததும் வக்கீலைக் கேட்கவேண்டும் என்றது. நிருபர் மட்டும், "நான் பார்த்ததைத்தான் அக்கா குறிச்சேன், எங்க வேணா வந்து சொல்றேன்" என்று குறிப்பேட்டின் நகலில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். கொழுந்தன் அதை விசாரணையில் நீட்டினார். அச்சில் வந்தது ஒன்று, கையால் எழுதியது வேறொன்று, நாங்கள் எதை நம்புவது என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் தேதி செய்தி ஆசிரியர் தாமே எழுதிய திருத்தத்தைக் காட்டினார்: "மோதல் என்ற சொல் சில வாசகர்களுக்குத் தவறான எண்ணத்தைத் தந்திருக்கலாம்."

"வாசகர்கள் மேல ஏன் சார் பழி? தப்பு பண்ணது நான்."

"உனக்கு எதுவுமே பிடிக்காதும்மா."

அவர் அங்கேயே நின்றபடி நான்கு வரி எழுதினார்: "ஆலை வாயிலில் மோதல் நடந்ததாக வெளியிட்டோம். அது தவறு. காவலாளிகள் தடியால் அடித்ததில் மூன்று தொழிலாளர்கள் காயமடைந்தனர். தொழிலாளர்கள் வாயிற்கதவைத் தள்ளியதாக மேலாளர் கூறினார்." கடைசி வரியை எடுத்துவிட்டால் கொழுந்தனுக்கு நல்லது என்று ஒரு கணம் கை தயங்கியது. எடுக்கவில்லை. நாளைக்கே வந்துவிடும் என்றார் செய்தி ஆசிரியர்.

மூன்றாம் தேதி அந்த இடத்தில் விளம்பரம் வந்தது. நான்காம் தேதியும் வரவில்லை. ஆறாம் பக்கத்தின் அடியில், ஐந்தாம் தேதி வியாழக்கிழமை வந்தது.

கொழுந்தன் அதைக் கத்தரித்து, முந்தின நாள் கையில் வாங்கிய பணிநீக்க உத்தரவோடு சேர்த்து ஊசி குத்தினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க அண்ணி," என்றார். கேலியாக அல்ல, அதுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை. "கதவைத் தள்ளினோம்னு அவன் சொன்னதைக்கூட விடலை."

"விட்டிருந்தா அது வேற ஒரு தப்பு."

"தெரியும்."

அன்று அலுவலகத்தில் அறிவிப்புப் பலகையிலிருந்த நன்றிக் கடிதத்தை அவர் எடுத்துச் செய்தி ஆசிரியரின் மேசையில் வைத்தார். மறுநாள் அது பழைய இடத்திலேயே இருந்தது.

பணிநீக்க உத்தரவில் குறித்திருந்தபடி, கொழுந்தன் அந்த ஆலையில் வேலை பார்த்தது பதினோரு ஆண்டு, நான்கு மாதம்.