கஞ்சி மேடம் அல்போன்சா

பிரேசர் டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்து, பதினாறு வருடங்களாக அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்தாள் அல்போன்சா. நர்சுகள் அவளுக்கு வைத்த பட்டம் 'கஞ்சி மேடம்'. அவள் கோபப்பட்டதில்லை.

2007ஆம் ஆண்டு கோதண்டராமன் பெருங்குடல் கட்டிக்காகச் சேர்ந்தார். ஓய்வுபெற்ற அரசு அலுவலர், சர்க்கரை நோய் கிடையாது. மூன்று மாதத்துக்கு முன் பார்த்த எடை அறுபத்திரண்டு கிலோ என்று அவர் சொன்னதை அப்படியே படிவத்தில் எழுதியிருந்தார்கள். அவருடைய வாட்ச் பட்டையில் புதிதாக இரண்டு ஓட்டைகள் குத்தியிருந்ததை அல்போன்சா கவனித்தாள். தராசில் நிறுத்தினாள். ஐம்பத்துமூன்று.

"மூணு மாசத்துல ஒன்பது கிலோ போயிருக்கு, டாக்டர். இப்படியே வெட்டித் தைச்சா, தையல் எப்படி ஆறும்?"

அறுவை மருத்துவரான டாக்டர் வெங்கடராமன் அறுவையைப் பத்து நாள் தள்ளிவைத்தார். கட்டி வளருமே என்று மனைவி பாமா அழுதாள். முதல் நாட்களில் கொஞ்சமாகவும், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துக் கூடுதலாகவும், பாலும் பயறும் புரதப் பொடியுமாக அல்போன்சா ஊட்டச்சத்தை ஏற்றினாள்.

அறுவைக்கு முந்தின மாலை, மாவுச்சத்து கரைத்த நான்கு டம்ளர் நீரோடு போனாள். உடம்பு பட்டினியில் கத்தியைச் சந்திக்கக் கூடாது. இரவுக்குள் இந்த நான்கு, விடியற்காலை இன்னும் இரண்டு.

கோதண்டராமன் கையை மடக்கிக்கொண்டார்.

"இன்னிக்கு ஏகாதசி. நாப்பது வருஷமா விட்டதில்ல. இதுல தானியம் ஏதாவது இருக்காம்மா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். குடித்துவிடுவார். அல்போன்சா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இருக்கு, சார். மக்காச்சோளத்துல எடுத்தது."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாமா எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டாள்.

"ஏன்னா, கேளுங்கோ. உங்க ஏகாதசிய நான் இருக்கேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து."

"காலம்பற உனக்கு மயக்கம் வரும்டி."

"வரட்டும். ஆஸ்பத்திரிலதானே இருக்கேன்."

அவர் விம்மினார். பிறகு டம்ளரை வாங்கினார். நான்கையும் குடித்து முடிக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. மறுநாள் காலை ஆறு மணிக்கு மற்ற இரண்டும் இறங்கின. எட்டரைக்கு அறுவை அறைக்கதவு மூடியது. பாமாவுக்கு அல்போன்சா வாங்கித் தந்த பால் ஆறிக்கொண்டிருந்தது. கதவு திறக்கும்வரை அவள் அதைத் தொடவில்லை.

அன்று மாலையே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தார்கள். வாந்தி இல்லை. மறுநாள் காலை கஞ்சித் தெளிவு.

"காத்து பிரியாம எப்படிக் குடுக்கறது, கஞ்சி மேடம்?" என்றாள் வார்டு சிஸ்டர் சந்தேகமாக.

"வயிறு உப்பல, குமட்டல் இல்ல. டாக்டரே எழுதியிருக்காரு. நானே குடுக்கறேன்."

கோதண்டராமன் மெல்ல விழுங்கினார். நாலாவது கரண்டியில் முகத்தைச் சுளித்தார். வலியோ என்று பாமா பதறி அவர் கையைப் பிடித்தாள்.

"உப்பே இல்ல," என்றார் அவர்.

அல்போன்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள்.