அனாமத்தில் கிடந்த இரண்டு ரூபாய்

எனக்குக் கணக்கு நன்றாக வரும். அதைக் கேட்டுத்தான் குமாரபாளையத்தில் ஐக்கிய நாணய சங்கத்தில் என்னைக் குமாஸ்தாவாக வைத்தார்கள். இருபத்திரண்டு வயது, மாதம் பதினெட்டு ரூபாய் சம்பளம், காதில் செருகிய பென்சில். அந்த வயதில் எனக்கு இருந்த திமிருக்கு அந்தப் பென்சில் ஒன்றே போதும்.

சங்கத்தில் கடன் வாங்குபவர்கள் பெரும்பாலும் நெசவாளிகள். நிலம் நீச்சு இல்லாதவர்களுக்கு நபர் ஜாமீனில் கடன் உண்டு. தெரிந்த ஒருவர் கடன் பத்திரமான புரோநோட்டில் கூடவே கையெழுத்துப் போட வேண்டும். வாங்கியவன் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர் தலையில் விழும். நான் சொல்ல வந்த நெசவாளி அப்படித்தான் இருநூறு ரூபாய் வாங்கினார். மனைவிக்கு வயிற்றில் கட்டி. பணம் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிற்று, ஆறு வாரத்தில் அந்த அம்மாளும் போய்விட்டார்.

ஜாமீன் போட்டவர் அந்த அம்மாளின் அண்ணன். ஜேடர்பாளையம் பக்கம் கொஞ்சம் வயலும் நாலு எருமையும் உள்ளவர். தங்கை காரியம் முடிந்த கையோடு, ஒன்பது வயது மருமகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். தாயில்லாத பிள்ளையை வளர்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் ஊர் மெச்சியிருக்கும். அவர் சங்கத்து வாசலிலேயே வெளிப்படையாகச் சொன்னார்.

"என் கையெழுத்துப் போட்ட நோட்டு என் கைக்குத் திரும்பி வரட்டும். அன்னிக்கிப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க மாப்பிள்ளை. அதுவரைக்கும் எங்க ஊட்டு எருமையைப் பாத்துக்கட்டும்."

அந்தப் பெண் அப்பாவின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமன் விரல் விரலாகப் பிரித்துத்தான் கூட்டிப் போனார்.

மறுவாரம் நெசவாளி என்னிடம் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஐம்பது சொல்லலாம். இருமல் வந்தால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றுகொள்வார். அதில் படிந்த ரத்தம் தெரியாமல் இருக்கத்தான் அவர் துண்டை மடித்து மடித்து வைக்கிறார் என்பது எனக்கும் தெரியும்.

"ஏனுங்க சாமி, மாசம் அஞ்சு ரூபா கட்டுனா எப்ப முடியுமுங்க?"

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். "அம்பத்திரண்டு மாசம். நாலு வருசமும் நாலு மாசமும். வட்டி மட்டும் அம்பத்தாறு ரூபாய் பதினோரு அணா."

"அத்தனை நாளு நமக்கு இல்லீங்க," என்றார். யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது மாதிரி இருந்தது. "கூட ரெண்டு ரூபா சேர்த்துக் கட்டுனா?"

இதற்குத்தான் காத்திருந்தவன் மாதிரி ஒரு முழுத் தாளை எடுத்தேன். அவருக்குப் புரியும்படி விளக்கினேன், அதில் எனக்குப் பெருமையும்கூட. முதல் மாதம் இருநூறுக்கு வட்டி இரண்டு ரூபாய். ஐந்து கட்டினால் இரண்டு வட்டிக்குப் போய் மூன்றுதான் அசலில் கழியும். ஏழு கட்டினாலும் வட்டி அதே இரண்டுதான், அசலில் ஐந்து கழியும். அடுத்த மாதம் வட்டி மீதி அசலுக்குத்தான். அசல் குறையக் குறைய வட்டி குறையும். வட்டி குறையக் குறைய, கட்டுகிற ஏழு ரூபாயில் அசலுக்குப் போவது கூடிக்கொண்டே வரும். கடைசியில் கூட்டிக் காட்டினேன்.

"முப்பத்து நாலு மாசம். கடைசி மாசம் ஏழுகூட வேண்டாம், அஞ்சு ரூபாய் பதினோரு அணா போதும். பதினெட்டு மாசம் மிச்சம், வட்டியில இருபது ரூபாய் மிச்சம்."

அவர் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாது. கடைசி வரியில் விரலை வைத்து, "இதுதான் முப்பத்து நாலுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த இரண்டு ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு ஊர்வாயில் தெரிந்தது. பவானி டாக்டர் அவரைத் தினம் பால் குடிக்கச் சொல்லியிருந்தார். தினம் ஒரு அணாப் பால், மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய். அதை நிறுத்திவிட்டார். நெஞ்சு நோய்க்காரன் பாலை நிறுத்துவது என்றால் என்ன என்று தெரியாத வயது இல்லை எனக்கு. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. என் கணக்கு சரியாக நடக்கிறது என்கிற திருப்தி எனக்கு இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதல் மாதம் ஏழு ரூபாயை எண்ணி வைத்து, "கூட இருக்கற ரெண்டும் அசலுக்குங்க சாமி," என்றார். தலையாட்டிவிட்டுக் காரியதரிசியிடம் பேரேட்டைக் கொண்டுபோனேன். அவர் ஊரில் பெரிய குடும்பத்துக்காரர், சங்கத்தைத் தன் வீட்டுக் களஞ்சியம் மாதிரி பார்த்துக்கொள்வார்.

"தவணை அஞ்சுதானே? மேல வர்றத அனாமத்துல போடு. நாளைக்கு ஒரு மாசம் கட்ட முடியலீன்னா அதுல இருந்து எடுத்துக்கலாம். நம்ம சங்கத்துல தவணை தப்புனவன்னு ஒருத்தன் பேரும் ஆடிட்டர் கண்ணுல படக்கூடாது."

அனாமத்து என்றால் இன்ன கணக்கு என்று சேராமல் தனியே போட்டு வைக்கிற பணம். அதற்கு வட்டியும் கிடையாது, அது அசலைக் குறைக்கவும் செய்யாது. அசலில்தான் வரவு வைக்க வேண்டும் என்று உறுப்பினர் எழுத்து மூலம் கேட்டால் வைக்கலாம் என்று விதியில் இருந்தது. ஒரு மனு எழுதி அவருடைய கைநாட்டை வாங்க எனக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். காரியதரிசி முகத்தைச் சுளிப்பாரே என்று பயம். அடுத்த மாதம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த மாதமும் விட்டேன். அதன்பின் அது மறந்தே போயிற்று. மாதாமாதம் "ரூபாய் ஏழு வரவு" என்று ரசீது கிழித்துக் கொடுத்தேன். அவர் அதைத் தறிக்கு மேலே ஒரு கம்பியில் குத்தி வைத்தார்.

வருடத்துக்கு ஒரு தரம், ஆடிப் பதினெட்டுக்கு, ஜேடர்பாளையம் போய் மகளைப் பார்த்து வருவார். திரும்பி வந்து என்னிடம்தான் சொல்வார். "கை எல்லாம் காப்புக் காய்ச்சிப் போச்சுங்க. ஆனா உசரமா வளந்துட்டா." ஒரு வருடம், "நோட்டு வந்ததும் அப்பன் பால் குடிப்பேன், நீதான் தினம் போயி வாங்கியாரோணும்னு சொல்லிப்போட்டு வந்தேன்," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

முப்பத்து நாலாம் மாதம் அவர் வந்த நாளை நான் மறக்க முடியாது. துவைத்த வேட்டி. கையில் அந்தப் பழைய தாள், மடிப்பில் கிழிந்து சோற்றுப் பசை தடவி ஒட்டியது. ஐந்து ரூபாய் பதினோரு அணாவைச் சரியாக எண்ணி வைத்தார்.

"பால்காரிகிட்ட நாளையில இருந்து ஊத்தச் சொல்லிட்டேனுங்க. நோட்டைக் குடுங்க சாமி, நாளைக் காலையில வண்டி ஏறிப் புள்ளையக் கூட்டியாரேன்."

பேரேட்டைப் பிரித்தேன். ஐந்து ஐந்தாகவே கழிந்து வந்ததால் அன்றைக்கு அசலும் வட்டியுமாக எண்பத்து நாலு ரூபாய்க்கு மேல் நின்றது. அனாமத்தில் அறுபத்தாறு. அதைத் தள்ளிக்கூட இன்னும் பதினெட்டு ரூபாய் மூன்று அணா. அவர் வைத்ததையும் கழித்தால் பன்னிரண்டரை ரூபாய் பாக்கி. முப்பத்து மூன்று மாதமும் அந்த இரண்டு ரூபாய் சும்மா கிடந்திருக்கிறது, கழியாத அசலுக்கு இவரிடம் வட்டி வாங்கியிருக்கிறோம்.

காரியதரிசியிடம் ஓடினேன். காலில் விழாத குறைதான்.

"முப்பத்து மூணு மாசக் கணக்கை அடிச்சுத் திருத்துவியா? ஆடிட்டர் கேட்டா நீ பதில் சொல்லுவியா, நான் சொல்லோணுமா? அனாமத்தை வேணும்னா இன்னிக்கே அசலுக்கு மாத்திக்க. மீதிய ரெண்டு மாசத்துல கட்டச் சொல்லு. ஓடியா போயிடப் போறான்?"

திரும்பி வந்து சொன்னேன். என் தப்பு என்று சொன்னேனா? இல்லை. "கணக்குல கொஞ்சம் பாக்கி நிக்குதுங்க, இன்னும் ரெண்டு மாசம்" என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று பேரேட்டை மூடினேன். கேட்கவில்லை. படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"சரிங்க சாமி. பால்காரிய நிறுத்தச் சொல்லிப்போட்டுப் போறேன்."

அன்றைக்கு என் தகரப் பெட்டியில் பதினாலு ரூபாய் இருந்தது. சைக்கிள் வாங்கச் சேர்த்தது. அதை எடுத்து வைத்திருந்தால் மறுநாள் அவர் வண்டி ஏறியிருப்பார். எனக்கு அந்த நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. தெருமுனை வரை அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பதினேழாம் நாள் தறிக்குழியிலேயே இறந்து கிடந்தார்.

கருமாதி முடிந்து மகளும் மாமனோடு திரும்பிப் போன பிறகு என் பெட்டியைத் திறந்தேன். பாக்கி பன்னிரண்டரை, அதற்கு ஒரு மாத வட்டி இரண்டு அணா. கட்டினேன். புரோநோட்டில் ரத்து முத்திரை அடித்து எடுத்துக்கொண்டு, நானே ஜேடர்பாளையம் போனேன்.

மாமன் நோட்டை வாங்கி, தன் கையெழுத்தை நன்றாகப் பார்த்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நோட்டு வந்துருச்சுங்க. புள்ளைய..." என்று ஆரம்பித்தேன்.

"யாருகிட்ட அனுப்பறதுங்க?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அப்பன் இருந்தா நானே கொண்டாந்து உட்டிருப்பேன்."

கிளம்பி வரப்பில் நடந்தேன். எதிரே தலையில் புல்லுக்கட்டோடு அவள் வந்தாள். பன்னிரண்டு வயது. கட்டின் பாரத்தில் கழுத்து உள்வாங்கி இருந்தது. நான் சங்கத்து ஆள் என்று அவளுக்கு நினைவிருந்தது. கட்டை இறக்காமலே நின்றாள்.

"கடன் தீந்துருச்சுங்களா?"

"தீந்துருச்சு கண்ணு," என்றேன்.

சரிந்த கட்டை ஒரு கையால் நேராக்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்பா பால் குடிச்சாருங்களா?"

குடித்தார் என்றேன். எத்தனை நாள் என்று கேட்டாள். பதினேழு நாள் என்று சொன்னேன். சரிங்க என்று தலையை அசைக்க முடியாமல் கண்ணை மட்டும் மூடித் திறந்துவிட்டு, எருமைக் கொட்டகைப் பக்கம் போனாள்.