முழங்காலுக்குக் கீழே ஒரு வளையம்

"இவ்வளவு படிச்சிட்டு கடைசில ஆளுங்க கால அமுக்கி விடுற வேலைதானா? அதுல வீக்கம் வத்தும்னு வேற சொல்ற."

அத்தை இதைச் சொன்னது கண்டியில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில், காலை நீட்டிப் படுத்துக்கொண்டு. பக்கத்துக் கட்டிலில் தோளுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டியுமாக நின்றிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போனவள் என்று பார்த்தால் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்திலேயே நான் ஒருத்திதான். அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை. மறைத்தாலும் அப்பா விடமாட்டார், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற ஆளிடமெல்லாம் சொல்லிவிடுவார். ஆனால் அப்பாவின் தங்கையான இந்த அத்தைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

அத்தை பன்வில பக்கத்தில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். செடிகளைக் கவாத்து வெட்டிய மலையில் நடக்கும்போது, வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சி ஒன்று இடது கெண்டைக்காலைக் கீறியது. மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல். கால் தொடை வரை சிவந்து சுட்டது. வார்டில் பத்து நாள் இருந்து ஊசி மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் போனது, சிவப்பும் போனது, வீக்கம் மட்டும் போகவில்லை. ஐந்து மாதம் கழித்தும் இடது கால் வேறு யாருடையதோ போல இருந்தது. பாதத்தின் மேற்புறம் பணிஸ் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது.

லயத்தில் ஆளுக்கொரு பேச்சு. யானைக்கால் என்றார்கள், செய்வினை என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் பிரஷருக்கு வாங்கி வைத்திருந்த தண்ணீர் போக்கும் மாத்திரையில் மூன்றைக் கொடுத்திருக்கிறார். அத்தை அதை விழுங்கிவிட்டு ஒரு நாள் முழுக்கக் கக்கூசுக்கு நடந்ததுதான் மிச்சம், கால் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். அதுவும் நான் கெட்டிக்காரி என்பதற்காக இல்லை. ஆஸ்பத்திரியில் தெரிந்த ஆள் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று நினைத்து வந்தார். வரிசையில்தான் நிறுத்தினேன்.

டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். காலில் இரத்தக்கட்டி இல்லை, இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தன, யானைக்கால் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. பிறகு இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில் மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். வலது காலில் தூக்க வந்தது, இடது காலில் வரவில்லை. "நிணநீர் வடியவில்லை" என்று எழுதி என் பக்கம் அனுப்பினார்.

அத்தைக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவர் கழுத்திலும் இடுப்பிலும் மெதுவாகத் தடவிக்கொண்டே, தோட்டத்தில் மழைநீர் வடிய வெட்டியிருக்கும் கான்களை வைத்துச் சொன்னேன். இரத்தக் குழாயிலிருந்து கொஞ்சம் நீர் எப்போதும் சதைக்குள் கசிகிறது. அதை அள்ளிக்கொண்டு போக, தோலுக்கு அடியில் நூல்போலக் கான்கள் ஓடுகின்றன. அவற்றுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. அவை ஒரு பக்கம்தான் திறக்கும், அதனால் நீர் மேலேதான் போகும். கான் தானாகவும் சுருங்கித் தள்ளும், நாம் நடக்கும்போது சதையும் பிழிந்து தள்ளும். எல்லாம் தொடை இடுக்கில் உள்ள நெறிக்கட்டிகளின் வழியாகப் போய், கடைசியில் கழுத்துக்குக் கீழே இரத்தத்தில் சேர்ந்துவிடும். கிருமி வந்தபோது அந்தக் கான்களில் பல வெந்து, தழும்பாகி, அடைத்துப்போயின. நீரோடு சேர்ந்து புரதமும் சதைக்குள்ளே தேங்கிவிட்டது. மாத்திரை நீரை இழுத்தாலும் புரதம் அங்கேயே கிடந்து மறுபடி நீரைக் கூப்பிடும். நாள்பட விட்டால் சதை தடித்து இறுகிவிடும்.

அத்தை தன் காலைத் தொட்டுப் பார்த்தார். "எங்க மலையில கான் கீழ ஓடும். என் கால்ல மேல ஏறுதாக்கும்" என்றார். பிறகு, கான் அடைத்தால் தண்ணீர் வெளியே போகிற வாயைத்தானே முதலில் வெட்டிவிட வேண்டும், நீ ஏன் பாதத்தை விட்டுவிட்டுக் கழுத்திலும் இடுப்பிலும் தடவிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்க வந்தவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். வெளியே போகிற வாய் மேலேதான் இருக்கிறது என்று அவருக்கே புரிந்துவிட்டது. எனக்குப் பாடம் எடுத்த விரிவுரையாளர் இதைப் புரியவைக்க இரண்டு மணிநேரம் எடுத்தார்.

ஆனால் அத்தைக்கு வேண்டியது விளக்கம் இல்லை, அவருடைய நிரை. மலையில் ஒவ்வொருவருக்கும் தேயிலைச் செடி வரிசை ஒன்று உண்டு, அதுதான் நிரை. அத்தையின் நிரை மேல்மலையில், ஓரத்தில் இருந்தது. பத்தொன்பது வருடமாக அதில் நடக்கிறார், அவருடைய கை வேகத்துக்கு அந்த மலையில் ஆள் இல்லை. கால் வீங்கியதும் அவரைத் தவறணைக்கு, அதாவது நாற்றுப் பண்ணைக்கு, மாற்றிவிட்டார்கள். நாற்றுப் பைகளில் மண் நிரப்பும் வேலை. நிரையை வேறொரு பெண் எடுத்துக்கொண்டார். மழை விட்டுக் கொழுந்து கூடும் காலத்துக்குள் டாக்டரின் கடிதம் வந்தால் நிரை திரும்பக் கிடைக்கும், வராவிட்டால் தவறணைதான் நிரந்தரம் என்று கங்காணி சொல்லிவிட்டார். மறுபடி காய்ச்சல் வராமல், காலின் அளவு நான்கு வாரம் ஏறாமல் நின்றால்தான் கடிதம் தருவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் தினமும் அத்தை பஸ் ஏறி வந்தார். தோலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, களிம்பு பூசி, மெதுவாகத் தடவிவிட்டு, விரலிலிருந்து முழங்காலுக்கு மேல்வரை பல அடுக்காகக் கட்டுப் போட்டேன். கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. அந்தக் கட்டோடு நடக்கவைத்தேன். கணுக்கால் முப்பத்தொரு சென்டிமீட்டரிலிருந்து இருபத்தாறுக்கு இறங்கியது. பிறகு முழங்கால்வரை வரும் அழுத்தக் காலுறை ஒன்றை அளவெடுத்துக் கொடுத்தோம். காலை எழுந்ததும் போடுங்கள், படுக்கும்போது கழற்றுங்கள், மேல்விளிம்பை மடிக்காதீர்கள் என்றேன். அத்தை தலையாட்டினார்.

அடுத்த இரண்டு வாரத்தில் அளவு மறுபடி ஏறியது. கணுக்கால் இருபத்தெட்டரை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே கயிறு கட்டியதுபோல ஒரு பள்ளம், அதற்குக் கீழே சதை பிதுங்கி நின்றது. எனக்குக் கோபம் வந்தது. காலுறையைப் போடுவதே இல்லை, போட்டாலும் மடித்துவிடுகிறீர்கள், இல்லையா என்று கேட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டேன்.

"நான் பொய் சொல்ற ஆளா? போ, உன் அப்பன்கிட்ட கேளு" என்றார் அத்தை. நான் வாங்கி வைத்திருந்த பிளேன்டித் தேநீரைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை அப்பாவின் அழைப்பு வந்தது. தங்கச்சி அழுதாள் என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் பன்விலவுக்குப் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்கப் போனேன்.

தவறணை ஓடையோரத்தில், நிழல்வலைக்குக் கீழே ஈரமாக இருக்கும். இரத்தம் குடிக்கும் அட்டைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் போனபோது தேத்தண்ணீர் நேரம். ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பழைய காற்சட்டைத் துணியில் தைத்த அட்டைக் காலுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தையும் கழற்றினார். உள்ளே என் அழுத்தக் காலுறை ஒரு சுருக்கமும் இல்லாமல் சரியாக இருந்தது. அதற்கு மேல், முழங்காலுக்குக் கீழே, சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையின் முடிச்சு. அட்டை உள்ளே நுழையாமலிருக்க அவர்கள் எப்போதும் கட்டுகிற கட்டு அது. ஆறு பேரின் காலிலும் அதே இடத்தில் அதே வளையம் பதிந்திருந்தது. மற்றவர்களின் கான்கள் நல்லவை, பட்டையை அவிழ்த்ததும் ஓடிவிடும். அத்தையிடம் இருந்ததோ தழும்புக்குத் தப்பிய சில கான்கள். தோலுக்கு அடியில் ஓடும் அந்தச் சிலவற்றையும் பட்டை நாள் முழுக்க நெரித்துக்கொண்டிருந்தது. நான் கீழிருந்து மேலே தள்ளுகிறேன், பட்டை வழியில் நின்று மறிக்கிறது.

"என்னா மருமகளே, தவறணைக்கு வேலைக்கு வந்திட்டியா? பை நெறைய கெடக்கு" என்றார் அத்தை.

அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, பட்டையைத் தொட்டுக் காட்டி, தப்பு என்னுடையது என்றேன். காலுறையைப் பற்றி எல்லாம் கேட்ட நான், அதற்கு மேல் என்ன போடுகிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இத்தனைக்கும் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள், அம்மாவின் காலிலும் அந்தப் பட்டையைப் பார்த்து வளர்ந்தவள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கேட்டதும் அப்படித்தானே. பக்கத்திலிருந்த பெண் உடனே, படிச்ச பிள்ளைக்கே தெரியாததை நம்ம எங்க கண்டோம் என்றார். அத்தை அந்தப் பெண்ணின் முதுகில் ஒன்று வைத்தார். எனக்காக யாராவது அடி வாங்கியது அதுதான் முதல் தடவை.

பட்டை வேண்டாமென்றால் அட்டை ஏறுமே என்று கேட்டார் அத்தை. அது நியாயமான கேள்வி, அட்டை கடித்த புண் வழியாகக் கிருமி ஏறினால் மறுபடி காய்ச்சல்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. அதையும் சொன்னேன்.  மறுநாள் இரவல் ஊசியில் அத்தையே ஒன்றைத் தைத்துக்கொண்டார். துணியுறையைத் தொடை வரை நீட்டி, விளிம்பைத் தளர்வாக விட்டு, இரண்டு பக்கமும் நாடா வைத்து இடுப்புப்பட்டியில் கோர்த்துவிட்டார். காலில் எங்குமே கட்டு இல்லை. ஏறுகிற அட்டை வெளித்துணியிலேயே ஏறிக்கொண்டிருக்கும், தேத்தண்ணீர் நேரத்தில் தட்டிவிடலாம். மண் நிரப்பும்போது மணிக்கொரு தரம் எழுந்து நடக்கவும், கணுக்காலை மேலும் கீழும் ஆட்டவும் சொன்னேன். மற்ற ஐந்து பெண்களும் கேலிக்காகச் சேர்ந்து ஆட்டினார்கள். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

இரண்டு வாரத்தில் கணுக்கால் மறுபடி இருபத்தாறு. அடுத்த நான்கு வாரமும் அளவு நாடாவை நானே பிடித்து அளந்தேன், அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தைந்தரை, இருபத்தைந்தரை. வலது காலின் இருபத்துமூன்றுக்கு அது ஒருபோதும் வராமல் போகலாம் என்று டாக்டர் நேராகவே சொன்னார். காலுறை இனி எப்போதும் வேண்டும், தோலில் கீறல் விழுந்தால் அன்றே காட்ட வேண்டும். அத்தை எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார், கண் மட்டும் டாக்டரின் பேனாவில் இருந்தது. கடிதத்தை வாங்கியதும் என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். இரண்டு முறை வாசித்தேன்.

திங்கட்கிழமை அத்தை தன் நிரையில் ஏறினார். அன்று பாதிதான் எடுத்தாராம், வேகம் பழையபடி வர நாளாகும் என்று அவரே போனில் சொன்னார். நிரையை வைத்திருந்த பெண் செடியைக் கண்டபடி முறித்துவைத்திருக்கிறாளாம், அதைப் பற்றி அரைமணிநேரம் பேசினார். கால் எப்படி என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

அத்தையின் காலிலிருந்து மட்டும் அந்த வளையம் போனது எனக்குப் போதவில்லை, மற்ற ஐந்து பேரின் காலிலும் அது இருந்தது. போன சனிக்கிழமை அத்தையின் துணியுறை ஒன்றை வாங்கிக்கொண்டு பிலிமத்தலாவையில் எனக்குத் தெரிந்த தையல்கடைக்குப் போனேன். இதேபோல, நெருக்கமாக நெய்த துணியில், இடுப்பு நாடாவோடு, மூன்று அளவில் பன்னிரண்டு சோடி வேண்டும் என்று சொல்லித் துணியை அளந்து வெட்டவைத்தேன். தையற்காரர் இது என்ன நாடகத்துக்கா என்று கேட்டார். விளக்கினேன். முதல் இரண்டு சோடி தைத்து முடிந்துவிட்டன, தவறணைக்குக் கொண்டுபோக இப்போது என் பையில் இருக்கின்றன.