கன்ஃபர்மேஷன் கடிதம்

ஆஃபர் லெட்டர் அடிப்பதில் அந்த அலுவலக டைப்பிஸ்டை அசைக்க ஆளில்லை. பதினொரு வருஷத்தில் நூறு பேரையாவது உள்ளே கூட்டிவந்தவள். அன்று கிடங்கு சூப்பர்வைசராகச் சேரப்போகிறவன் போனில் ஒவ்வொரு வரியாகக் கேட்டான். நச்சரிப்புதான். ஆனாலும் பொறுமையாகச் சொன்னாள்: அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, வீட்டு வாடகைப்படி இவ்வளவு, பயணப்படி இவ்வளவு, பி.எஃப். பிடித்தம் போகக் கையில் வருவது இவ்வளவு.

"ஆறு மாசம் ப்ரொபேஷன் முடிஞ்சா தானா பர்மனென்ட் ஆயிடுமாக்கா?"

"ஆகாது தம்பி. கன்ஃபர்மேஷன் லெட்டர் கையில வரணும். வர்ற வரைக்கும் ப்ரொபேஷன்தான், பதினஞ்சு நாள் நோட்டீஸ்ல அனுப்பிடலாம். வந்தப்புறம்தான் ரெண்டு மாச நோட்டீஸ்."

"உங்களுக்கு எத்தனை மாசத்துல குடுத்தாங்க?"

"பாத்துச் சொல்றேன் தம்பி" என்றாள். போனை வைத்துவிட்டுத் தன் ஃபைலை எடுத்தாள். ஆஃபர் லெட்டர் இருந்தது, போனில் சொன்ன அதே வரி அதில் இருந்தது. சம்பள உயர்வுக் கடிதங்கள்கூட இருந்தன. கன்ஃபர்மேஷன் மட்டும் இல்லை. இரண்டு தடவை புரட்டினாள். ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுத்தவள் தனக்கு வாங்கவில்லை. போய்க் கேட்கலாமென்றால், ஆள் குறைப்புப் பட்டியலோடு மேனேஜர் மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் நாமே ஞாபகப்படுத்தியதாகிவிடும்.

கதவு திறந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"பதினஞ்சு நாள் நோட்டீஸ் லெட்டர் ஒண்ணு அடிச்சு வைம்மா. பேரு எழுதற இடத்தை மட்டும் காலியா விடு, நானே போட்டுக்கறேன்."