ஒரு கைக்கு ஒரு வாள்

மாரிசாமிக்கு ஐம்பத்தாறு வயது. அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ நகரத்தில் டேட்டாபேஸ் வேலை. ஆறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வாள்சண்டை கிளப்புக்குப் போகிறவர். அவருடைய ஆயுதம் லாங்சோர்டு, இரண்டு கையாலும் பிடிக்கிற நீள வாள். கூர் மழுக்கிய எஃகுதான்.

போன மார்ச்சில் காரிலிருந்து அரிசி மூட்டையை இறக்கும்போது இடது தோள் பிசகியது. அந்தக் கையை மார்புக்கு மேல் தூக்கவே கூடாது என்றார் டாக்டர்.

"வாள் பிடிச்ச கை அரிசிகிட்டத் தோத்துப் போச்சுங்களா?" என்று சிரித்தாள் மனைவி சாந்தாமணி. பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "இனி கிளப் வேண்டாங்க."

மாரிசாமிக்குச் சோறு இறங்கவில்லை. லாங்சோர்டில் வலது கை தள்ளும்போது இடது கை கைப்பிடியின் அடியை இழுக்க வேண்டும். வெட்டுக்கு வேகம் அந்த நெம்புதலில் பிறக்கிறது. இடது கை இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு.

"ரேப்பியருக்கு மாறிடுங்கண்ணா. குத்தறதுக்கான ஒல்லி வாள், ஒரு கை போதும்," என்றாள் கிளப்பில் உள்ள பல் டாக்டர் எழிலரசி. ஒரு சனிக்கிழமை முயன்று பார்ப்பதென்றும், தோள் வலித்தால் வாளை விற்றுவிடுவதென்றும் வீட்டில் பேச்சு முடிந்தது. சாந்தாமணியும் கூடவே வந்து உட்கார்ந்தாள்.

ரேப்பியர் ஒல்லி, அதனால் பாதி எடைதான் இருக்கும் என்று நினைத்திருந்தார். கிளப்பில் இருந்த ரேப்பியரையும் தன் வாளையும் தராசில் வைத்தார். லாங்சோர்டு 1,420 கிராம், ரேப்பியர் 1,290.

எழிலரசியோடு ஆட்டம், முதலில் ஐந்து குத்து குத்துகிறவருக்கு வெற்றி. இடது கையைப் பெல்ட்டில் செருகிக்கொண்டார். பழக்கத்தில் வாளைத் தோளுக்கு மேல் ஓங்கினார். ஓங்கிய நேரத்திலேயே எழிலரசியின் வாள்முனை நேராக வந்து நெஞ்சில் நின்றது. அடுத்தடுத்து நான்கு முறையும் அதே கதை.

"அண்ணா, விறகு பொளக்கறீங்களா?"

தண்ணீர் குடிக்கிற சாக்கில் இரண்டு வாளையும் ஒவ்வொன்றாக விரல் மேல் நிறுத்திப் பார்த்தார். லாங்சோர்டு, கைப்பிடிக்கு முன்னால் உள்ள குறுக்குக் கம்பியிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி நின்றது. வெட்டும்போது எடை முன்னே போவதற்குத்தான் அது. ரேப்பியரோ ஏழில் நின்றது. கையை மூடும் கிண்ணத்தின் கனம் எடையைப் பின்னுக்கு இழுத்திருந்தது. ஆள்காட்டி விரலைக் கம்பிக்கு முன்னால் சுற்றிப் பிடித்ததும் எடை கைக்கு இன்னும் நெருங்கியது. இப்போது விரலை லேசாக அசைத்தாலே முனை நகர்ந்தது.

இந்த முறை ஓங்கவில்லை. முனையை எழிலரசியின் நெஞ்சுக்கு நேராக நீட்டியபடியே நின்றார். அவள் வாளைத் தட்டிவிட வந்தாள். மாரிசாமி முனையை மட்டும் அவள் வாளுக்கு அடியால் நழுவவிட்டு, வலது காலை எட்டி வைத்தார். மழுங்கிய முனை அவள் ஜாக்கெட்டில் பதிந்து, வாள் வில்லாக வளைந்தது.

"ஐயோ, நல்லாக் குத்திட்டீங்க!" என்று முகமூடிக்குள் சிரித்தாள் எழிலரசி. அடுத்த குத்தில் ஆட்டத்தை முடித்தும் வைத்தாள்.

கார் பார்க்கிங்கைத் தாண்டியதும் சாந்தாமணி சொன்னாள்:

"அந்த இடது கை கடைசி வரைக்கும் பெல்ட்டுலயே கெடந்துச்சுங்க, பாத்துட்டுத்தான் இருந்தேன். அடுத்த சனிக்கிழமையும் போங்க. அரிசி மூட்டையை நான் தூக்கிக்கறேன்."