மாடிக்குப் போன அழைப்பு

எதிர்க்கடைத் தையல்காரருக்குக் கோபமே வராது என்று தெருவில் பேர். பேன்ட் இறுக்குகிறது என்று யாராவது வந்து கத்தினால், சாப்பாட்டைக் குறை என்று சொல்லாமல் தையலைப் பிரிப்பார். இப்படிப்பட்ட மனுஷர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். நான் செல்போன் பழுது பார்ப்பவள். ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சண்டை போடாவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

மூன்று வருஷமாக அவர் ஒரே ஒரு அழைப்புக்காகக் காத்திருந்தார். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பொருத்தமான சிறுநீரகம் கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். உடனே சரி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் தைக்கும்போதுகூட போனைச் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார்.

அன்று காலை பதினோரு மணிக்கு, கழுத்தில் அளவு டேப் தொங்க, செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"ஏம்மா, போன் செத்துப்போச்சும்மா! ஆஸ்பத்திரி நம்பர். எடுத்தேன். ஒண்ணுமே கேக்கல. ஹலோ ஹலோன்னு கத்தினேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு அதுவா கட் ஆயிடுச்சு. திருப்பி ரெண்டு தடவ அடிச்சேன், அப்பவும் ஊமை!"

என் போனிலிருந்து அவருக்கு அடித்துப் பேசிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. "நல்லாத்தானே இருக்கு அண்ணே. இப்ப அடிங்க."

அடித்தார். மறுமுனையில் பேசிய பெண்ணின் குரல் எனக்கே கேட்டது. "உங்க மனைவிதான் பேசினாங்களே சார். இப்ப வேண்டாம், அடுத்தவங்களுக்குக் குடுத்துருங்கன்னாங்க. அந்தக் குடும்பம் கிளம்பியாச்சு."

"அய்யோ, அவ எப்படிம்மா பேசுவா? போன் என் கையில இருந்தது! நாங்க வர்றோம், இப்பவே வர்றோம்…"

"மன்னிச்சுக்கங்க சார்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் போனை வாங்கி ப்ளூடூத் பட்டியலைத் திறந்தேன். ஒரு ஸ்பீக்கரின் பேர் இருந்தது.

"இது எங்க இருக்கு?"

"மாடியில. அவ படுக்கைக்குப் பக்கத்துல. பாட்டுக் கேக்க வாங்கிக் குடுத்தேன்."

கடைக்கு நேர் மேலேதான் அந்த அறை. அண்ணி ஸ்பீக்கரைப் போட்டதும், அது ஒருமுறை சேர்த்துவைத்த போனைத் தேடித் தானாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழைப்பை இவர் கீழே எடுத்தார். குரல் மாடியில் ஒலித்தது. ஸ்பீக்கரில் மைக்கும் இருந்ததால், இவர் கத்தியது ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அண்ணி பேசியதுதான் போயிருக்கிறது. தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்ததும் தூரம் அதிகமாகி, அந்த இணைப்பு அறுந்துவிட்டது.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து ஓடினார். விழுந்துவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே படியேறினேன்.

அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நான்தான் வேண்டாம்னேன்" என்றார், நாங்கள் கேட்பதற்கு முன்பே. "நீங்க திருப்பித் திருப்பி அடிச்சதும் கேட்டுச்சு. பேசாம இருந்துட்டேன்."

"ஏன்டி?" அவர் கத்தியதை அன்றுதான் கேட்டேன். "மூணு வருஷம்டி! என்னைக் கொன்னு போட்டுட்டியே!"

"முன்னாடி ஒரு தடவ கூப்பிட்டாங்களே. பட்டினியா ராத்திரி பூரா உக்கார்ந்தோம். கடைசியில பொருந்தலன்னு அனுப்பிட்டாங்க. திரும்பி வரும்போது உங்க முகத்தைப் பார்த்தேன். இன்னொரு தடவ என்னால பார்க்க முடியாது. பயமா இருக்குங்க. இது வேணுமான்னு யாராவது ஒரு நாள் என்கிட்ட கேட்டாங்களா?"

அண்ணன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தெரிந்த வேலையைச் செய்தேன். ஸ்பீக்கர் பேருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரப் படத்தைத் தொட்டு, அழைப்புகள் என்ற சுவிட்சைக் காட்டினேன்.

"இதை அணைச்சுட்டா பாட்டு மட்டும்தான் அங்க போகும். கால் வந்தா போன்லயே கேக்கும். மொத்தமா வேண்டாம்னா, மறந்துவிடுன்னு இருக்கே, அதைத் தொடுங்க. அப்புறம் தானா சேராது."

"பாட்டு இருக்கட்டும்" என்றார் அண்ணன். சுவிட்சை அவரே அணைத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு அடித்தார். இந்த முறை குரல் அவர் காதில்தான் கேட்டது. கட்டிலில் அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

"பட்டியல்லேருந்து பேரை எடுத்துறாதீங்கம்மா" என்றார். "ஆனா அடுத்த தடவ என்னைக் கூப்பிட வேண்டாம். அவளோட நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

ஒவ்வொரு எண்ணாக, நிதானமாக, இரண்டு முறை சொன்னார்.